சமையலறையில் நின்றவர்கள் எதைத் தேடினார்கள்?

பல்லாவரத்தில் இருக்கும் ஒரு மாதிரி ஃப்ளாட்டைத் துபாயில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் கைபேசியில் சுற்றிப் பார்க்கிறார். விரலால் தள்ளினால் காட்சி திரும்புகிறது. தரையில் தெரியும் வட்டத்தைத் தொட்டால் அடுத்த அறைக்குள் போய்விடலாம். இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, அதை ஒட்டிய யூட்டிலிட்டி, பால்கனி என்று எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பது அவர் இஷ்டம். அவர் எங்கே நின்றார் என்பதை அந்த மென்பொருள் குறித்துக்கொண்டே வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. பில்டருக்குத் தெரியும். ஆனால் கையில் வந்த கணக்கை எப்படிப் படிப்பது என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

சாதாரண வீடியோவில் எந்த நொடியில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைத்தான் அறிய முடியும். சுற்றிப் பார்க்கும் காட்சியில் கேமரா பார்வையாளர் கையில் இருக்கிறது. வீட்டைப் படமெடுப்பவர் முக்காலியை ஓரிடத்தில் வைத்து நாலாபுறமும் எடுப்பார். பிறகு ஐந்திலிருந்து எட்டு அடி தள்ளி அடுத்த இடம். இந்தத் துறையில் பெயர் பெற்ற அமெரிக்க நிறுவனமான மேட்டர்போர்ட் இந்த இடங்களை ‘ஸ்வீப்’ என்கிறது. பார்வையாளர் எந்தப் புள்ளியில் நிற்கிறார், எந்தத் திசையைப் பார்க்கிறார் என்ற இரண்டையும் மென்பொருள் அவ்வப்போது சொல்லும். புள்ளிகளை அறைவாரியாகப் பிரித்து, நுழைந்த நேரத்துக்கும் வெளியேறிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டினால், அறைக்கு எத்தனை நொடி என்று வந்துவிடும்.

அப்படித்தான் தோன்றும். ஒருவருடைய பதிவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்க எண் நொடிகள்.

```
0    enter    hall
41   enter    kitchen
58   hidden
232  visible
247  enter    balcony
256  enter    kitchen
290  leave
```

நுழைந்தது, வெளியேறியது இரண்டை மட்டும் பார்த்தால் சமையலறையில் முதல் தடவை 206 நொடி, இரண்டாம் தடவை 34 நொடி, ஆக நான்கு நிமிடம். ‘ஆள் கிச்சன்ல அப்படியே மயங்கிட்டார் சார்’ என்று விற்பனைப் பிரிவில் பேச்சு கிளம்பிவிடும். ஆனால் 58-ஆம் நொடியில் `hidden` என்று இருப்பதைக் கவனியுங்கள். அவர் வேறு செயலிக்குப் போய்விட்டார். வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கலாம், மனைவி கூப்பிட்டிருக்கலாம். ஏறக்குறைய மூன்று நிமிடம் கழித்துத்தான் திரும்பி வந்தார். உண்மையில் சமையலறையில் இருந்தது 17, 15, 34 என்று மொத்தம் 66 நொடி. பக்கம் கண்முன்னே இருக்கிறதா, மறைந்திருக்கிறதா என்பதைப் பிரவுசரே `visibilityState` என்ற பெயரில் சொல்லிவிடும். அதைக் கேட்டு வைக்காத கணக்கு எதற்கும் உதவாது.

பக்கம் திறந்தபடியே இருக்க, ஆள் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போயிருக்கலாம். அதை எந்த பிரவுசரும் சொல்லாது. அதனால் விரல் படாமல் அரை நிமிடம் போனால் கடிகாரத்தை நிறுத்திவிடுவது ஒரு வழி. அந்த அரை நிமிடம் யாரோ ஒருவர் ஒரு மதிப்புக்கு வைத்ததுதான், எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. இவ்வளவு செய்தும் யாராவது ஒருவர் நாற்பது நிமிடம் காட்டுவார். அவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எல்லாம் கோணலாகிவிடும். எல்லோரையும் நேரப்படி வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரின் நேரத்தை எடுப்பதே நம்பகமானது.

அடுத்த சிக்கல் ஹால். எந்த வீட்டின் கணக்கை எடுத்தாலும் ஹால்தான் முதலிடத்தில் நிற்கும். காரணம் சாதாரணமானது: சுற்றுலா அங்கேதான் தொடங்குகிறது. படம் இறங்கும் வரை காத்திருப்பதும், எதைத் தொட்டால் நகரும் என்று பழகுவதும் அங்கேதான். பிடிக்காமல் மூடிவிட்டுப் போகிறவரின் சில நொடிகளும் ஹாலின் கணக்கில்தான் சேரும். ஹால் பெரிது, அதில் ஆறு புள்ளிகள் இருக்கும், குளியலறையில் ஒன்றுதான். ஆறையும் கடந்து போகவே நேரம் ஆகும். இதைச் சரிபார்க்க எனக்குத் தெரிந்து மிக நேர்மையான வழி, பார்வையாளர்களில் பாதிப் பேரைச் சமையலறையிலிருந்தே தொடங்க வைப்பது. அப்போது ஹாலின் நேரம் சரிந்தால் அது ஹாலின் கவர்ச்சியல்ல, வாசலின் கணக்கு. தொடங்கும்போது எந்தச் சுவர் கண்ணில் பட வேண்டும் என்று படமெடுத்தவர் வைத்திருக்கிறாரோ, அந்தச் சுவருக்கும் இதே பொய்ப்புகழ் கிடைக்கும்.

திறந்த சமையலறை உள்ள வீடுகளில் இன்னொரு வேடிக்கை. ஹாலில் நின்றபடியே பார்வையைத் திருப்பி மேடையையும் சிம்னியையும் பார்த்துவிடலாம். நின்ற புள்ளியை மட்டும் எண்ணினால் சமையலறைக்குள் யாருமே வரவில்லை என்று வரும். ஆகவே திசையையும் எண்ண வேண்டும். சுற்றிலும் உள்ள 360 பாகையை முப்பது முப்பதாகப் பன்னிரண்டு துண்டாக்கி, எந்தத் துண்டு திரையின் நடுவில் எத்தனை நொடி இருந்தது என்று பார்ப்பார்கள். அதுவும் கண் போன இடத்தைச் சொல்லாது, திரை காட்டிய இடத்தைத்தான் சொல்லும்.

இவ்வளவு சலித்தும் சமையலறையில் நிற்பவர்கள் நிற்கத்தான் செய்கிறார்கள் என்றால், அது பிடித்திருப்பதாலா? இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. அசைவைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். ரசிப்பவர் மெல்லத் திருப்புவார், நிறுத்துவார், ஒரு பொருளைப் பெரிதாக்கிப் பார்ப்பார், வேறு அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார். வழி தெரியாதவர் சடசடவென்று திருப்பி, ஒன்றும் நடக்காத இடங்களில் விரலை அழுத்திக்கொண்டிருப்பார். யூட்டிலிட்டிக்குப் போகும் கதவடியில் வட்டம் வைக்க மறந்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை உண்டு. முழுச் சுற்றாகத் திருப்பி ஜன்னலில் நிறுத்துவார்கள், மறுபடி மேடைக்கு வருவார்கள், மறுபடி ஜன்னல். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிரே இல்லை: அடுப்பு கிழக்குப் பார்த்து இருக்கிறதா, சமையலறை அக்னி மூலையில் வருகிறதா என்று தேடுகிறார்கள். படத்தில் திசை காட்டும் அம்புக்குறி இல்லை. ஃப்ரிட்ஜ் எங்கே வைப்பது, வாஷிங் மெஷினுக்குக் குழாய் இருக்கிறதா என்று தேடுபவர்களின் அசைவும் கிட்டத்தட்ட இதே போலத்தான் இருக்கும். இந்த இடத்தில் இயந்திரத்தின் கணக்கு நின்றுவிடும். விசாரித்து வந்த நாலு பேரிடம் ‘கிச்சன்ல என்னம்மா பார்த்தீங்க?’ என்று கேட்டால்தான் உண்மை வரும்.

கேட்டுவிட்டு, மூலையில் ஒரு திசைகாட்டியும் மேடை மேல் அதன் நீள அகலமும் போட்டால், அடுத்த மாதம் சமையலறையின் நேரம் குறையும். அறிக்கையில் சிவப்பு அம்பு கீழே போகும். கவலைப்பட வேண்டியதில்லை. தேடியது கிடைத்ததால் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். அதே மாதம் ‘அடுப்பு எந்தப் பக்கம்?’ என்று கேட்டு வரும் அழைப்புகளும் குறைந்திருந்தால், மாற்றம் பலித்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அழைப்புகள் அப்படியே இருந்தால் நேரம் வேறு காரணத்தால் குறைந்திருக்கிறது.

இந்தக் கணக்கு ஊர் பேர் இல்லாமல் மொத்தமாக இருக்கும்வரை சரி. இப்போது ஒவ்வொருவருக்கும் தனி லிங்க் அனுப்பும் பழக்கம் வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் ஒரு நீளமான எண்ணும் இருந்தால், அது உங்களுக்கென்றே கொடுத்த எண்ணாக இருக்கலாம். அப்போது சமையலறையில் 66 நொடி நின்றது நீங்கள்தான் என்று விற்பனையாளருக்குத் தெரியும். ‘சார், பால்கனிய ரெண்டு தடவ பார்த்தீங்களே’ என்று அவர் தொடங்கினால் எனக்கு ஃபோனை வைத்துவிடத் தோன்றும். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இன்னாரென்று அடையாளம் காட்டும் தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்குவதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. அந்த எண்ணை அழித்துவிட்டுத் திறந்தாலும் பெரும்பாலும் வீடு அப்படியே தெரியும்.