டெல்லியில் இறங்க முடியாவிட்டால்?

சென்னையிலிருந்து டெல்லிக்கு நேர்கோட்டில் சுமார் 1,760 கிலோமீட்டர். ஆனால் விமானங்கள் நேர்கோட்டில் பறப்பதில்லை. வான்வழிப் பாதையின் வளைவுகளையும், இறங்குவதற்காகச் சுற்றி வருவதையும் சேர்த்து 1,900 என்று வைத்துக்கொள்வோம். ஏர்பஸ் ஏ320 காற்றில் மணிக்கு 830 கிலோமீட்டர் ஓடும். எதிர்க்காற்று 60 கிலோமீட்டர் இருந்தால், தரைக்கணக்கில் அதன் வேகம் 770தான். பயணம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மணிக்குச் சராசரியாக 2,400 கிலோ எரிபொருள் என்றால், மொத்தம் 6,000 கிலோ. காற்றே இல்லாத நாளில் 5,500 கிலோ போதும். அதனால்தான் எரிபொருளைத் தூரத்தை வைத்து அல்ல, நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

லிட்டரில் சொல்லாமல் கிலோவில் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெயிலில் எரிபொருள் விரியும்; லிட்டர் கணக்கு மாறும், எடை மாறாது. எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆற்றல் எடையைப் பொறுத்தது.

இந்த 6,000 கிலோ டெல்லி ஓடுபாதை வரைக்கும்தான். ஓடுபாதைக்கு உருண்டு செல்ல 200 கிலோ. காற்று கணித்ததைவிடக் கடுமையாக இருந்தால் சமாளிக்க, பயண எரிபொருளில் 5 சதவீதம், அதாவது 300 கிலோ. டெல்லியில் இறங்க முடியாவிட்டால் மீண்டும் மேலேறி ஜெய்ப்பூர் போக 1,300 கிலோ. கடைசியாக, அங்கே 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிட 1,200 கிலோ. ஆக 9,000 கிலோ.

இதில் அதிகம் யோசிக்க வேண்டியது மாற்று விமான நிலையத்தைத்தான். ஜனவரி அதிகாலையில் டெல்லியை மூடும் பனிமூட்டம் ஜெய்ப்பூரையும் மூடலாம். அப்போது அகமதாபாத்தை நம்ப வேண்டும். அதற்கு 2,700 கிலோ ஆகும். மொத்தம் 10,400 ஆகிவிடும். அப்படியானால் எப்போதும் டேங்கை நிரப்பிக்கொண்டால் என்ன? கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். ஒவ்வொரு மணி நேரத்திலும் அதில் சுமார் 3 சதவீதம் அதற்கே எரிந்துபோகும். இறங்கும்போது இருக்கலாம் என்று அனுமதித்த எடையையும் தாண்டக்கூடும்.

கணக்கு காகிதத்தில் சரியாக இருந்தாலும் வானத்தில் கரையும். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் வந்த அவியான்கா 52 விமானம், நெரிசலால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட வைக்கப்பட்டது. அதற்குள் மாற்று நிலையமான பாஸ்டனுக்குப் போகவும் எரிபொருள் இல்லாமல் போயிற்று. முன்னுரிமை வேண்டும் என்று விமானிகள் கேட்டார்கள். அவசரநிலை என்று அறிவிக்கவில்லை. எஞ்சின்கள் அணைந்து விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள்.

அந்தக் கடைசி 30 நிமிட எரிபொருளைத் தொடாமல் இறங்க முடியாது என்று கணக்கு காட்டினால், இன்றைய விதிப்படி விமானி 'மேடே ஃப்யூயல்' என்று அறிவித்தாக வேண்டும்.