படிக்காத பாடத்திலிருந்து வரும் வினாவுக்கு விடையளித்தல்

பொதுத்தேர்வில் சரியாகத் திருப்பிப் பார்க்காத பாடத்திலிருந்து ஒரு நெடுவினா வந்துவிட்டால், பல மாணவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். கோவைப் பகுதியில் நான் திருத்திய ஒரு மாதிரித் தேர்வில், "கோயம்புத்தூரில் பருத்தி நெசவாலைகள் வளர்ந்ததற்கான காரணங்களை எழுதுக" என்ற ஐந்து மதிப்பெண் வினாவை ஒரு மாணவி தொடவே இல்லை. அவளுடைய தந்தை பஞ்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். விடையின் பெரும்பகுதி அவள் வீட்டிலேயே இருந்தது. அதை எப்படி எடுத்து எழுதுவது என்பதை இதே வினாவைக் கொண்டு பார்ப்போம்.

நேரம்

நூறு மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால், ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஒன்பது நிமிடம் கிடைக்கிறது. நன்கு தெரிந்த விடைகளை எழுதி முடித்த பிறகே இதைத் தொட வேண்டும். மாநிலப் பொதுத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே முயன்று பார்ப்பதால் இழப்பு இல்லை. நீட் போன்ற தேர்வுகளில் தவறுக்கு மதிப்பெண் குறையும் என்பதால் அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது.

வினாவைச் சட்டகமாக மாற்றுதல்

வினாவில் "காரணங்கள்" என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். அடுத்து, எந்தத் தொழிற்சாலைக்கும் என்னென்ன தேவை என்று யோசிக்க வேண்டும். மூலப்பொருள், மின்சாரம், ஆட்கள், போக்குவரத்து, முதலீடு ஆகியவை தேவை. இவற்றுக்கு அந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை. துணி ஆலை என்பதால் தட்பவெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். விடைத்தாளின் ஓரத்தில் இந்த ஆறு சொற்களையும் பென்சிலால் எழுதினால் ஆறு குறிப்புகள் கிடைத்துவிடும்.

பார்த்ததைக் கொண்டு நிரப்புதல்

இனி ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, கண்ணால் கண்டதையும் பிற பாடங்களில் படித்ததையும் வைக்க வேண்டும்.

மூலப்பொருள்: கொங்குப் பகுதியில் பருத்திக்கு ஏற்ற கரிசல் மண் உண்டு. மண் வகைகள் பற்றிய பாடத்திலிருந்தே இதை எடுக்கலாம்.

மின்சாரம்: நீலகிரி அருகில் இருப்பதால் நீர்மின்சாரம் கிடைத்தது. பைக்காரா என்ற பெயர் நினைவிருந்தால் எழுதலாம். அது 1932இல் தொடங்கியது.

ஆட்கள்: மழை பொய்த்த காலத்தில் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மில் வேலைக்கு வந்தவர்கள் பலர். தாத்தா பாட்டி சொன்ன கதையை "தொழிலாளர் கிடைத்தனர்" என்ற குறிப்பாக மாற்றலாம்.

போக்குவரத்து: சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் ரயில் பாதை போத்தனூர் வழியாகச் செல்கிறது.

தட்பவெப்பம்: பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வருகிறது. காற்று வறண்டால் நூல் அறுந்துவிடும். அதனால்தான் மில்லுக்குள் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

முதலீடு: தொழில் முனைவோர் பணம் போட்டு ஆலைகளைத் தொடங்கினர். கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்ஸ் 1888இல் தொடங்கப்பட்டது.

ஒவ்வொரு குறிப்பையும் தனி வரியில், "ஆகவே ஆலைகளுக்கு வசதியாக இருந்தது" என்ற பொருளில் முடித்தால், திருத்துபவர் விடைக்குறிப்போடு ஒப்பிடுவது எளிதாகும்.

எங்கே தவறு நேர்கிறது

முதல் தவறு, காரணத்தையும் விளைவையும் குழப்புவது. "திருப்பூரில் பனியன் தொழில் இருப்பதால் கோவையில் ஆலைகள் தோன்றின" என்று எழுதுபவர்கள் உண்டு. எது முன்னால் வந்தது என்று கேட்டால் தவறு தெரிந்துவிடும். ஆலைகளில் நூல் கிடைத்த பிறகே பின்னலாடைத் தொழில் அங்கே பெருகியது. கோவையின் பம்பு, மோட்டார் பட்டறைகளைப் பற்றி எழுதுவதும் வினாவை விட்டு விலகிப் போவதே.

இரண்டாவது, ஒரே கருத்தைச் சொல் மாற்றி மூன்று முறை எழுதுவது. ஓரத்தில் எழுதிய சொல்லோடு பொருத்திப் பார்த்தால் இது தெரியும். ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியமோ இரண்டு வாக்கியமோ போதும்.

மூன்றாவது, தெரியாத ஆண்டையோ பெயரையோ கற்பனையாகப் போடுவது. 1888 நினைவில்லை என்றால் "பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்" என்று எழுதலாம். அதுவும் உறுதியில்லை என்றால் ஆண்டு இல்லாமலே எழுதலாம். காரணம் கேட்கும் வினாவில் ஆண்டு கட்டாயமில்லை.

எல்லை

"ஏன்", "எவ்வாறு", "காரணங்கள்", "நன்மை தீமைகள்" என்று கேட்கும் வினாக்களுக்கே இம்முறை உதவும். மனப்பாடச் செய்யுள், வரையறை, சூத்திரம், உடன்படிக்கையின் பிரிவுகள் போன்றவற்றை ஊகத்தால் எழுத முடியாது. இம்முறையில் எழுதியவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. மேலே கண்ட வினாவில் ஆறு குறிப்புகளில் மூன்று விடைக்குறிப்போடு பொருந்தினாலும், வெறும் இடத்துக்குக் கிடைக்காத மதிப்பெண் கிடைத்துவிடும்.