H3N2: ஒரு வைரஸின் பெயரைப் படிப்போமா?

செல்லமே, 2023 தொடக்கத்தில் நம் நாட்டில் பல ஊர்களில் ஃப்ளூ காய்ச்சல் பரவியது. செய்தித்தாள்களில் அப்போது H3N2 என்று போட்டிருந்தார்கள். H1N1 என்ற பெயரையும் நீ கேள்விப்பட்டிருப்பாய். "காய்ச்சலுக்கு எதற்கு இத்தனை எழுத்தும் எண்ணும்?" என்று உனக்குத் தோன்றியிருந்தால், சபாஷ்! பெரியவர்கள் பலர் கேட்காமல் விட்ட கேள்வி அது.

வா, ஒரு ஃப்ளூ வைரஸின் முழுப் பெயரை எடுத்து, ஒவ்வொரு துண்டாகப் படிப்போம். இதோ பெயர்:

A/Hong Kong/1/68 (H3N2)

முதலில் நிற்கும் A என்பதைப் பார். ஃப்ளூ வைரஸ்களில் A, B, C, D என்று நான்கு வகை உண்டு. நம்மைப் பெரிதும் படுத்துபவை A, B இரண்டும்தான். இந்த எழுத்தைக் கொடுப்பதற்கு விஞ்ஞானிகள் வைரஸின் உள்ளே பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் மரபுச்சரடுகளைச் சுற்றி நியூக்ளியோபுரதம் என்று ஒரு புரதம் இருக்கிறது. A வகை வைரஸ்கள் எல்லாவற்றிலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். B வகையில் அது வேறு மாதிரி.

காய்ச்சல் வந்தால் சில மருத்துவமனைகளில் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு, ஒரு சின்னப் பட்டையில் சோதிப்பார்கள். அந்தப் பட்டை பெரும்பாலும் இந்த உள்புரதத்தைத்தான் தேடுகிறது. அதனால் "A" அல்லது "B" என்று மட்டும் சொல்லும். H என்ன, N என்ன என்று அதற்குத் தெரியாது. சில பட்டைகளில் C என்றும் ஒரு கோடு விழும். பயப்படாதே, அது C வகை வைரஸ் இல்லை. பட்டை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

இதுவரை புரிந்ததா? A, B என்பது உள்ளே இருப்பதைச் சொல்கிறது. H, N இரண்டும் வெளியே இருப்பதைச் சொல்கின்றன.

வைரஸின் மேற்பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டி முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் இரண்டு விதம். ஒன்றின் பெயர் ஹீமக்ளூட்டினின். அதைச் சுருக்கி H என்கிறோம். இன்னொன்று நியூராமினிடேஸ், அதாவது N. H முட்கள்தான் அதிகம்.

நீ பட்டம் விட்டிருப்பாய். பட்டத்தின் நூல் மரக்கிளையில் சிக்கிக்கொண்டால் பட்டம் அங்கேயே நிற்கும். நூலை அறுத்தால்தான் விடுபடும். நம் தொண்டையிலும் மூக்கிலும் உள்ள செல்களின் மேல் ஒரு வகைச் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. வைரஸ் வந்ததும் அதன் H முள் அந்தச் சர்க்கரையில் சிக்கிக்கொள்கிறது. பிறகு வைரஸ் உள்ளே போய்த் தன்னைப்போலவே நூற்றுக்கணக்கில் உருவாக்கிக்கொள்கிறது. புதிய வைரஸ்கள் வெளியே வரும்போது என்ன ஆகும், யோசி. அவற்றின் H முட்களும் அதே சர்க்கரையில் சிக்கிக்கொள்ளும் அல்லவா? அப்போதுதான் N வேலைக்கு வருகிறது. அது அந்தச் சர்க்கரையை அறுத்துவிடும். வைரஸ் விடுபட்டு அடுத்த செல்லுக்குப் போகும்.

ஆக, சிக்கவைப்பது H, அறுத்துவிடுவது N. ஃப்ளூவுக்கு டாக்டர்கள் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மருந்து N-இன் வேலையைத்தான் தடுக்கிறது.

சரி, H-க்குப் பக்கத்தில் 3 எதற்கு? A வகையில் H முள் எல்லா வைரஸிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வரிசையில் H1, H2, H3 என்று எண் கொடுத்துக்கொண்டே போனார்கள். அது 18-ஐத் தாண்டிவிட்டது. N-லும் அப்படியே 11 வரை உண்டு. இவற்றில் பெரும்பாலானவை வாத்து போன்ற நீர்ப்பறவைகளிடம் இருக்கின்றன. எண் பெரிதாக இருந்தால் நோயும் பெரிது என்று நினைத்துவிடாதே. இது மதிப்பெண் இல்லை, வெறும் வரிசை எண்.

ஒரு வைரஸில் இருப்பது H3 என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஆய்வகத்தில் சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். ஒரு குழியில் கோழியின் இரத்தச் சிவப்பணுக்களை மட்டும் விட்டால், கொஞ்ச நேரத்தில் அவை அடியில் இறங்கி ஒரு சிவப்புப் பொட்டாகச் சேரும். இரண்டாவது குழியில் வைரஸையும் சேர்த்துவிட்டால் பொட்டு வராது. H முட்கள் சிவப்பணுக்களைப் பிடித்து ஒன்றோடொன்று கோத்துவிடுவதால், அவை வலைபோல விரிந்து குழி முழுக்கப் பரவி நிற்கும்.

இப்போது மூன்றாவது குழி. H3-ஐ மட்டும் மூடக்கூடிய எதிர்ப்பொருளை முதலில் வைரஸோடு கலக்கிறார்கள். பிறகு சிவப்பணுக்களை விடுகிறார்கள். சிவப்புப் பொட்டு திரும்பி வந்துவிட்டது! அப்படியென்றால் எதிர்ப்பொருள் அந்த முள்ளை மூடிவிட்டது. ஆகவே அது H3.

அதே வைரஸோடு H1-க்கான எதிர்ப்பொருளைக் கலந்திருந்தால்? பொட்டு வந்திருக்காது. சரியாகச் சொன்னாயா? பலே!

இந்த எண்கள் மாறினால் நமக்கு என்ன? 1957-இல் H2N2 வைரஸ் உலகமெங்கும் பரவியது. அடுத்த பத்தாண்டுகளில் மக்கள் உடலில் H2-க்கும் N2-க்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாகிவிட்டன. A வகை வைரஸின் மரபுச்சரடு எட்டுத் துண்டுகளாக இருக்கும். இரண்டு வேறு வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் நுழைந்தால் துண்டுகள் கலந்துபோகலாம். அப்படித்தான் மனிதரிடம் இருந்த H2N2 வைரஸுக்கு ஒரு பறவை வைரஸிடமிருந்து புது H கிடைத்தது. 1968-இல் ஹாங்காங்கில் பரவத் தொடங்கியது அந்த H3N2.

இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார். H மாறிவிட்டது, N மாறவில்லை. பழைய H2 எதிர்ப்பொருளால் புதிய H3-ஐப் பிடிக்க முடியவில்லை. அதனால் வைரஸ் மீண்டும் உலகைச் சுற்றியது. ஆனால் N2-க்கான எதிர்ப்பொருள் ஓரளவு கைகொடுத்தது. 1968-இல் நோய் முன்பைவிடக் கொஞ்சம் லேசாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

B வகைக்கு மட்டும் ஏன் எண்கள் இல்லை? அதிலும் H, N முட்கள் உண்டு. ஆனால் எண் கொடுத்துப் பிரிக்கும் அளவுக்கு அவை வேறுபடுவதில்லை. அது பெரும்பாலும் மனிதரிடமே வாழ்வதால், பறவையிடமிருந்து புது H வாங்கிக்கொள்ள வழியில்லை. அதனால் விக்டோரியா, யமகாட்டா என்று இரண்டு கிளைகளாக மட்டும் பிரித்திருக்கிறார்கள். அதிலும் யமகாட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்ணில் படவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. H1N1 என்ற பெயர் 1918 வைரஸுக்கும் உண்டு, 2009 வைரஸுக்கும் உண்டு. இரண்டும் ஒரே வைரஸ் இல்லை. அதனால்தான் முழுப் பெயரில் ஊர், மாதிரியின் எண், ஆண்டு எல்லாம் சேர்க்கிறார்கள். நம் பெயரில் ஹாங்காங் ஊர், 1 மாதிரி எண், 68 என்பது 1968. விலங்கிடமோ பறவையிடமோ எடுத்திருந்தால், ஊருக்கு முன்னால் அதன் பெயரையும் எழுதுவார்கள். மனிதரிடம் எடுத்தது என்றால் எதுவும் எழுத மாட்டார்கள்.

இப்போது உன் முறை. இந்த இரண்டு பெயர்களையும் நீயே படித்து, நோட்டில் எழுது:

B/Brisbane/60/2008

A/duck/Alberta/35/76 (H1N1)

முதல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி ஏன் இல்லை என்பதையும், இரண்டாவது யாரிடமிருந்து எடுத்தது என்பதையும் சேர்த்து எழுத மறக்காதே.