சாதத்துக்கு ஒரு வழி... பொடிக்கு ஒரு வழி!

"உங்க கைமணம் யாருக்கு வரும்? சும்மா வீட்டிலேயே வெச்சிருக்காம வித்துப் பாருங்களேன்!"

உங்களிடமும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் சரி என்று இறங்கப் போகிறீர்களா? நல்லது. அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஆர்டர் எந்த வழியாக வரப் போகிறது? வாட்ஸ்அப்பிலா, இன்ஸ்டாகிராமிலா, வீட்டுக்கே சாப்பாடு கொண்டு வந்து தரும் டெலிவரி ஆப்களிலா?

"எல்லாத்துலயும் இருந்தா நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். குரோம்பேட்டையில் ஒரு இல்லத்தரசியும் அப்படித்தான் நினைத்தார். மதியச் சாப்பாடு 20 பேருக்குச் செய்து கொடுப்பதாகத் திட்டம். ஒரே வாரத்தில் மூன்று வழிகளையும் திறந்துவிட்டார். என்ன நடந்தது தெரியுமா? சாதம் வடிக்கிற நேரத்தில் டெலிவரி ஆப் மணி அடிக்கும். அதை கவனிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் "இன்னைக்கு ரெண்டு சாப்பாடு" என்று வந்திருக்கும். இன்ஸ்டாகிராமில் காலை பத்து மணிக்கு வந்த ஆர்டரை மூன்று மணிக்குத்தான் பார்ப்பார்!

வரும் வரும் என்று கூடுதலாகச் செய்து வைத்த சாப்பாடு ஒரு நாள் மிஞ்சியது. பதினோரு மணிக்குக் கட்டிய பொட்டலம் மூன்று மணிக்கு ஒரு வீட்டுக்குப் போனது. சாப்பிட்ட பெரியவருக்கு அன்று மாலையே வாந்தி. "அதோட நான் பயந்தே போயிட்டேன்" என்கிறார் அந்த அம்மா.

சமைத்த உணவு 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் இருக்கும்போதுதான் கிருமிகள் பெருகும். அதாவது, கை பொறுக்கும் வெதுவெதுப்புதான் ஆபத்து. சாதத்தில் இருக்கக்கூடிய பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேக வைத்தாலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அதைத் திரும்பச் சூடு பண்ணினாலும் நஞ்சு போகாது. அதனால் மதியச் சாப்பாடு இறக்கின இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

விற்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும் சூத்திரமும் இதிலேயே இருக்கிறது. உங்கள் உணவு எத்தனை நேரம் தாங்கும்? அதைப் பொறுத்துத்தான் வழி!

சாப்பாட்டுக்கு வாட்ஸ்அப்

இரண்டு மணி நேரம்தான் தாங்கும் என்றால், உங்கள் வாடிக்கையாளர் நாலு தெருவுக்குள்தான் இருக்க முடியும். அவர்களைப் பிடிக்க ஊர் முழுக்க விளம்பரம் எதற்கு? வாட்ஸ்அப் போதும்.

வியாபாரத்துக்கென்று தனி நம்பர் வாங்கி, அதில் 'வாட்ஸ்அப் பிசினஸ்' ஆப்பைப் போட்டுக் கொள்ளுங்கள். இலவசம்தான். அதில் கேட்டலாக் என்ற பகுதியில் உங்கள் அயிட்டங்களைப் படத்தோடும் விலையோடும் போட்டு வைக்கலாம். ஆரம்பத்தில் மூன்று அயிட்டங்கள் போதும். குரூப் ஆரம்பிக்காமல் பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக் கொள்ளுங்கள். குரூப்பில் ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரியும். பிராட்காஸ்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போகும். "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று ஒவ்வொருவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.

குரோம்பேட்டை அம்மா இப்போது இரவு ஏழு மணிக்கு மறுநாள் மெனுவை அனுப்புகிறார். ஒன்பது மணியோடு ஆர்டர் முடிந்தது. பணம் முன்கூட்டியே யு.பி.ஐ.யில் வந்துவிட வேண்டும். 17 பேர் சொன்னால் 17 பேருக்குத்தான் அரிசி! மிச்சமே கிடையாது. சமையல் முடிவது பன்னிரண்டு மணிக்கு. ஒரு மணிக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடுகிறது.

டெலிவரி ஆப் இப்போது வேண்டாமே!

கணக்கைப் பாருங்கள். ஒரு சாப்பாடு 90 ரூபாய். சாமான், கேஸ் எல்லாம் 48 ரூபாய், டப்பா 7 ரூபாய். ஆக, செலவு 55 ரூபாய். வாட்ஸ்அப்பில் விற்று நீங்களே கொண்டு போய்க் கொடுத்தால் 35 ரூபாய் நிற்கும். டெலிவரி ஆப் கமிஷன் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். நூற்றுக்கு 25 என்று வைத்துக் கொண்டால் 22 ரூபாய் 50 காசு போய்விடும். கையில் 12 ரூபாய் 50 காசு! கமிஷனுக்கு வரி வேறு தனி. 20 சாப்பாட்டுக்கு 700 ரூபாய் கிடைக்க வேண்டிய இடத்தில் 250 கூடத் தேறாது. ஆர்டர் வந்த சில நிமிடத்துக்குள் 'சரி' சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி வேறு. தினமும் ஒரே எண்ணிக்கையில் விற்பது பழகி, உதவிக்கு ஆள் வைத்து, விலையையும் புதிதாகப் போட்ட பிறகு அங்கே போகலாம்.

பொடிக்கு இன்ஸ்டாகிராம்

அந்த அம்மா ஒரு சின்ன நோட்டில் நாலு வாரம் கணக்கு எழுதினார். ஒவ்வொரு ஆர்டருக்கும் எந்த வழியாக வந்தது, அதே வீட்டிலிருந்து திரும்ப வந்ததா என்று இரண்டு விஷயங்கள்தான். வாட்ஸ்அப்பில் 11 வீடுகள் திரும்பத் திரும்ப வாங்கின. இன்ஸ்டாகிராமில் லைக் ஏராளம், சாப்பாட்டு ஆர்டர் மூன்றே மூன்று! காரணம், பார்க்கிறவர்கள் பெங்களூரிலும் கோவையிலும் இருந்தார்கள். அவர்களுக்கு சாம்பார் அனுப்ப முடியுமா? ஆனால், அவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "பருப்புப் பொடி கூரியரில் அனுப்புவீங்களா?"

அதுதான் இரண்டாவது வழி! நாள்கணக்கில் தாங்குகிற பொருளைத்தான் முகம் தெரியாத தூரத்து ஆட்களிடம் விற்க முடியும். வாரம் இரண்டு சின்ன வீடியோ, அதில் வறுப்பதையும் அரைப்பதையும் காட்டினால் போதும். ஆர்டரை மட்டும் வாட்ஸ்அப்புக்கே வரச் சொல்லுங்கள். கணக்கு ஒரே இடத்தில் இருக்கும்.

பொடியிலும் கவனம் தேவை. பருப்பு வறுத்து நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள். அரைத்ததையும் தாளில் பரப்பி ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தேங்காய் சேர்த்த பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதை வெளியூருக்கு அனுப்பாதீர்கள். லேபிளில் சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம், பச்சைக் குறி எல்லாம் இருக்கட்டும். எள், வேர்க்கடலை இருந்தால் கண்ணில் படும்படி எழுதுங்கள். அவை சிலருக்கு அலர்ஜியாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

எந்த வழியாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். foscos.fssai.gov.in என்ற தளத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும்.

பிறகென்ன... இன்றைக்கே ஒரு நோட்டை எடுங்கள். நீங்கள் நன்றாகச் செய்கிற மூன்று பண்டங்களை எழுதி, பக்கத்தில் அவை எத்தனை நேரம் தாங்கும் என்று குறியுங்கள். மணிக்கணக்கு என்றால் வாட்ஸ்அப்போடு ஆரம்பியுங்கள். நாள்கணக்கு என்றால் இன்ஸ்டாகிராமையும் சேர்த்துக் கொள்ளுங்கள். நாலு வாரம் கழித்து நோட்டைப் புரட்டும்போது லைக்கை எண்ணாதீர்கள். திரும்ப வந்த வீடுகளை எண்ணுங்கள்!