எம்.சி.பி. விழவில்லையே, அப்புறம் என்ன?

கேளம்பாக்கத்தில் கோவளம் சாலைப் பக்கம் எங்கள் பெரியப்பா வீடு. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் போட்ட வயரிங். போன மார்கழியில் ஒருநாள் காலை பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "கீசர் சுவிட்சைத் தொட்டா சுடுதுடா. லேசா மீன் வாடையும் வருது" என்றார். பெரியப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எம்.சி.பி. விழலையே, அப்புறம் என்ன?" என்றார்.

நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் நினைக்கிறோம். இந்த ஒன்றை மட்டும் டீ ஆறுவதற்குள் நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

எம்.சி.பி. என்பது வாசலில் உட்கார்ந்து உள்ளே போகிறவர்களை எண்ணும் காவலாளி மாதிரி. அளவுக்கு மேல் கூட்டம் வந்தால் கதவைச் சாத்துவார். உள்ளே ஓர் அறையில் புகை கிளம்பினால் அவருக்குத் தெரியாது, அது அவர் வேலையும் இல்லை. ஆர்.சி.சி.பி. இருந்தால், போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்களா என்று அது பார்க்கும். மின்சாரம் வழியில் எங்கும் கசியாதவரை அதுவும் சும்மாதான் இருக்கும்.

இப்போது பெரியம்மாவின் கீசருக்கு வருவோம். 2000 வாட் கீசர், 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். சுவிட்சுக்குப் பின்னால் வயரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்து, செம்புக் கம்பி ஓரிரு புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் 0.3 ஓம் தடை உண்டானாலே போதும். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் வெப்பம் வந்துவிடும்: ஏறக்குறைய 22 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கிட்டத்தட்ட அத்தனை சூடும் நகக்கண் அளவு இடத்தில், சுவருக்குள்ளே, காற்றோட்டம் இல்லாமல் அடைபட்டுக் கிடக்கிறது.

வாசல் காவலாளி என்ன பார்க்கிறார்? தடை கூடியதால் கரண்ட் 8.7-லிருந்து 8.6-க்குக் குறைந்திருக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. ஏன் விழப்போகிறது? தளர்ந்த இணைப்பு கரண்டைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. அதனால் எம்.சி.பி. விழாததை வைத்து வயரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

ஸ்க்ரூ தானாகத் தளருமா என்றால், தளரும். கீசர் போடும்போதெல்லாம் கம்பி சூடாகி விரிகிறது, அணைத்ததும் சுருங்குகிறது. வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் பிடி விட்டுப்போகும். கேளம்பாக்கத்தில் இன்னொன்றும் சேர்கிறது. உப்பளமும் கழிமுகமும் கடலும் பக்கத்திலேயே இருப்பதால் காற்றிலேயே உப்பு. பித்தளைக் குத்துவிளக்கில் பச்சையாகக் களிம்பு ஏறுகிறதே, அது சுவிட்சுக்குள் இருக்கும் செம்பிலும் பித்தளையிலும் ஏறும். களிம்பு ஏறினால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு அந்த இணைப்பை இன்னும் கெடுக்கும்.

மீன் வாடைக்கும் காரணம் உண்டு. சில சுவிட்ச், பிளக் வகைகளின் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் அப்படித்தான் நாறும். நம் ஊரில் தெருவில் மீன் வண்டி போனது என்று விட்டுவிடுவோம். கீசர் போட்டால் வந்து, அணைத்தால் அடங்குகிறதா என்று பாருங்கள்.

விளக்கு மினுக்குவதும் தளர்ந்த இணைப்பின் அடையாளமாக இருக்கலாம். அப்போது எத்தனை விளக்கு மினுக்குகிறது என்று முதலில் எண்ண வேண்டும். ஒன்றே ஒன்று என்றால் பல்பையோ ஹோல்டரையோ சுவிட்சையோ பார்க்கலாம். ஓர் அறை முழுக்க என்றால் அந்த அறைக்குப் போகும் ஜாயிண்ட். வீடு முழுக்க என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கும் அப்படியே இருந்தால் அது ஈ.பி. பார்க்க வேண்டியது, மின்னகம் எண் 94987 94987. த்ரீ பேஸ் வீட்டில் ஒரு பக்கம் விளக்கு மங்கி இன்னொரு பக்கம் பளீரென்று எரிந்தால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் மெயினை அணைத்துவிடுங்கள். மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பும் வழியான நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். அப்போது 230 வோல்ட்டுக்குச் செய்த டி.வி.க்கு 400-ஐ நெருங்கிக்கூட வோல்ட்டேஜ் போகும்.

பெரியம்மா வீட்டுக்கு அன்று வந்த எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு சுவிட்சைக் கழற்றினார். ஸ்க்ரூ முழுதாக ஒரு சுற்று உள்ளே போனது. வயர் இரண்டு அங்குலத்துக்குக் கறுத்து, மேலுறை அப்பளம் போல நொறுங்கியது. பளபளவென்று செம்பு தெரியும் வரை வெட்டினார். பிறகு மீதி வயரை மெதுவாக வளைத்துப் பார்த்தார். அதன் மேலுறையும் வெடித்திருந்தால் லைனையே உருவிப் புதிதாக இழுக்க வேண்டியிருந்திருக்கும். வெடிக்கவில்லை. புது சுவிட்ச் மட்டும் போட்டார். பெரியப்பா, "எதுக்கும் எம்.சி.பி.யை 32 ஆக்கிடேன்" என்றார். எலக்ட்ரீஷியன் மறுத்துவிட்டார். காவலாளியை இன்னும் அதிகக் கூட்டத்தை விடச் சொல்வதாகும் அது, சுவருக்குள் இருக்கும் பழைய வயர் தாங்காது.

இப்போது பெரியம்மா கீசர் போட்டுக் கால் மணி கழித்து, ஈரமில்லாத புறங்கையால் சுவிட்சைத் தொட்டுப் பார்க்கிறார். ஃபேன் ரெகுலேட்டரும் சார்ஜரும் லேசாகச் சுடுவது அவற்றின் இயல்பு. சுவிட்சும் பிளக்கும் சுவரைப் போலவே இருக்க வேண்டும்.