நான்காயிரம் ஆப்ஷன்களின் உண்மை மதிப்பு

ஸ்டாக் ஆப்ஷன் என்பது பங்கு அல்ல. ஒரு நிறுவனத்தின் பங்கை, இன்றைக்கே குறித்து வைத்த விலையில், பின்னொரு நாளில் வாங்கிக்கொள்ளும் உரிமை அது. விலை ஏறினால் வாங்கலாம். இறங்கினால் வாங்காமல் விட்டுவிடலாம். நிலத்துக்கு இன்றைய விலையில் அக்ரிமென்ட் போட்டு வைத்து, மூன்று வருடம் கழித்துக் கிரயம் செய்வதோடு இதை ஒப்பிடலாம். ஆனால் ஆப்ஷனில் அட்வான்ஸ் கிடையாது. முன்பணத்துக்குப் பதிலாக ஊழியர் கொடுப்பது உழைப்பையும், பல சமயம் குறைந்த சம்பளத்தையும். இந்திய ஸ்டார்ட்அப்களில் இந்தத் திட்டத்தை ஈசாப் என்றே எல்லோரும் சொல்கிறார்கள்.

சென்னையில் ஒரு மென்பொருள் ஸ்டார்ட்அப் ஒருவரை வேலைக்கு அழைப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆண்டுச் சம்பளம் 30 லட்சம் ரூபாய். கூடவே 4,000 ஆப்ஷன்கள், ஸ்ட்ரைக் பிரைஸ் 100 ரூபாய். கடைசி முதலீட்டுச் சுற்றில் ஒரு பங்கு 500 ரூபாய்க்குப் போனதால், இந்த ஆப்ஷன்களின் மதிப்பு 20 லட்சம் என்று மனிதவளத் துறை சொல்கிறது. இன்னொரு நிறுவனம் ஆப்ஷன் எதுவும் இல்லாமல் 33 லட்சம் சம்பளம் தர முன்வருகிறது. எதை ஏற்பது என்று முடிவுசெய்ய அந்த 20 லட்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், 4,000 ஆப்ஷன்களும் சேர்ந்த அன்றே கைக்கு வருவதில்லை. அவை சிறுகச் சிறுக ஊழியருக்கு உரியவை ஆவதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள். பரவலாக உள்ள ஏற்பாடு நான்கு வருடம். அதில் முதல் வருடம் கிளிஃப். அதாவது பன்னிரண்டு மாதம் முடியும் வரை ஒன்றுகூடச் சேராது. முடிந்த நாளில் கால் பங்கு, 1,000 ஆப்ஷன்கள், மொத்தமாகச் சேரும். அதன்பிறகு மாதம் 83 என்ற அளவில் மீதி 3,000 சேர்ந்துவரும். பதினோராம் மாதம் வேலையை விட்டவருக்கு ஒன்றும் இல்லை. முப்பதாம் மாதம் விட்டவருக்கு 2,500. ஆப்ஷன் வழங்கிய நாளுக்கும் முதல் வெஸ்டிங்குக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் நிறுவனச் சட்ட விதி. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த ஓராண்டு எண்ணப்படுவது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அல்ல, ஆப்ஷன் வழங்கப்பட்ட நாளிலிருந்து. ஆஃபர் கடிதத்தில் 4,000 என்று எழுதியிருந்தாலும், நிறுவனம் முறைப்படி ஒப்புதல் தந்து கிரான்ட் கடிதம் கொடுக்கும் வரை கடிகாரம் ஓடத் தொடங்காது. அது ஆறு மாதம் தள்ளிப்போனால் கிளிஃபும் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

அடுத்தது ஸ்ட்ரைக் பிரைஸ். ஆப்ஷனைப் பங்காக மாற்றும்போது ஊழியர் தன் பையிலிருந்து கட்ட வேண்டிய விலை இது. இந்திய ஆவணங்களில் எக்சர்சைஸ் பிரைஸ் என்று இருக்கும். நம் எடுத்துக்காட்டில் 4,000 பங்குக்கு 4 லட்சம் கட்ட வேண்டும். எனவே 20 லட்சம் என்ற கணக்கு முதல் வரியிலேயே 16 லட்சமாகிறது. இந்தியாவில் இந்த விலையை நிறுவனமே தீர்மானிக்கலாம். பங்கின் முகமதிப்பான 1 ரூபாய் அல்லது 10 ரூபாய்க்கே கொடுக்கும் நிறுவனங்கள் பல உண்டு. அமெரிக்காவில் நிலைமை வேறு. வழங்கும் நாளின் நியாய மதிப்புக்குக் கீழே விலை வைத்தால் ஊழியருக்கு வரிச் சிக்கல் வரும் என்பதால், அந்த மதிப்பிலேயே ஸ்ட்ரைக் பிரைஸ் வைப்பார்கள். நிறுவனம் வளர வளர, பின்னால் சேருபவர்களின் விலை ஏறிக்கொண்டே போகும். 10 ரூபாய் ஸ்ட்ரைக் பிரைஸ் உள்ளவருக்கு, நிறுவனத்தின் மதிப்பு பாதியாகச் சரிந்தாலும் ஏதோ மிஞ்சும். 400 ரூபாய் ஸ்ட்ரைக் பிரைஸ் உள்ளவரின் ஆப்ஷன் அதே சரிவில் வெறும் காகிதமாகிவிடும். ஆகவே எத்தனை ஆப்ஷன் என்று கேட்டவுடனேயே என்ன விலையில் என்றும் கேட்க வேண்டும்.

இனி அந்த 500 ரூபாய்க்கு வருவோம். அது முதலீட்டாளர் கொடுத்த விலை; ஆனால் அவர் வாங்கியது ஊழியருக்குக் கிடைக்கப்போகும் பங்கை அல்ல. அவருடையது முன்னுரிமைப் பங்கு. நிறுவனம் விற்கப்பட்டால், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு. ஊழியருக்கு வருவது சாதாரணப் பங்கு. முன்னவர்கள் எடுத்தது போக மிஞ்சுவதில்தான் அதற்குப் பங்கு. இந்த வேறுபாடு எவ்வளவு கொடியது என்பதை எண்களில் பார்த்தால்தான் புரியும்.

நம் நிறுவனத்தின் மொத்தப் பங்குகள், வழங்கப்பட்ட ஆப்ஷன்களையும் சேர்த்து, ஒரு கோடி என்று கொள்வோம். பங்கு 500 ரூபாய் என்றால் நிறுவனத்தின் மதிப்பு 500 கோடி. முதலீட்டாளர்கள் மொத்தம் 200 கோடி போட்டு, 50 லட்சம் பங்கு வைத்திருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்துத் தொழில் எதிர்பார்த்தபடி போகாமல் நிறுவனம் 250 கோடிக்கு விற்கப்படுகிறது. மதிப்பு பாதியாகிவிட்டது, ஆகவே பங்கு 250 ரூபாய் பெறும் என்று ஊழியர் நினைப்பார். நடப்பது அதுவல்ல. முதலீட்டாளர்கள் தங்கள் 200 கோடியை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சம் 50 கோடி, மற்ற 50 லட்சம் பங்குகளுக்கு. பங்குக்கு 100 ரூபாய். ஸ்ட்ரைக் பிரைஸும் 100. நிறுவனம் 250 கோடிக்கு விலைபோனது, ஊழியரின் 4,000 ஆப்ஷன்களின் மதிப்பு பூஜ்யம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் குட் டெக்னாலஜி என்ற நிறுவனம் ஒருகாலத்தில் நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்டது. 2015-இல் பிளாக்பெர்ரி அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியபோது, சாதாரணப் பங்குக்குக் கிடைத்தது 44 சென்ட். அதைவிடப் பல மடங்கு உயர்ந்த மதிப்பில் வரி கட்டியிருந்த ஊழியர்களுக்கு, கட்டிய வரிகூடத் திரும்பவில்லை.

வரிதான் இந்த விஷயத்தில் பலரையும் எதிர்பாராமல் தாக்குவது. இந்தியாவில் ஆப்ஷனைப் பங்காக மாற்றும் நாளிலேயே, அன்றைய நியாய மதிப்புக்கும் ஸ்ட்ரைக் பிரைஸுக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கணக்கிடப்படுகிறது. பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனத்துக்கு அந்த மதிப்பைப் பதிவுபெற்ற மெர்ச்சன்ட் பேங்கர் ஒருவர் நிர்ணயிப்பார். முப்பதாம் மாதம் வேலையை விட்ட அதே ஊழியரிடம் சேர்ந்திருப்பது 2,500 ஆப்ஷன்கள். சாதாரணப் பங்கின் நியாய மதிப்பு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பங்காக மாற்ற 2.5 லட்சம் கட்ட வேண்டும். வித்தியாசம் 5 லட்சம். 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 1.56 லட்சம். ஆக, நான்கு லட்சத்துக்கு மேல் கைப்பணம் போட்டு, விற்க முடியாத பங்குகளை வாங்குகிறார். வாங்க ஆள் வரும் நாள் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வேலையை விட்டபின் இதைச் செய்ய 90 நாள்தான் அவகாசம் என்று பல திட்டங்களில் இருக்கிறது. அதற்குள் மாற்றாவிட்டால் உழைத்துச் சேர்த்தது நிறுவனத்துக்கே திரும்பிவிடும். அரசின் தனிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை 2020-இல் வந்தது. ஆனால் ஊழியர் வேலையை விட்டாலே அந்தச் சலுகை முடிந்துவிடும். தேவைப்படும் நேரத்தில் அது உதவுவதில்லை.

நல்லது நடக்கும் பக்கத்தையும் கணக்கிட வேண்டும். ஊழியர் ஐந்து வருடம் இருக்கிறார்; நிறுவனம் 1,500 கோடிக்கு விற்கப்படுகிறது. இடையில் இரண்டு முதலீட்டுச் சுற்றுகள், ஒவ்வொன்றிலும் புதியவர்களுக்கு 20 சதவீதப் பங்கு. அப்போது பழையவர்களின் பங்குவீதம் முதலில் 80 சதவீதமாகவும், அதில் மறுபடி 80 சதவீதம், அதாவது 64 சதவீதமாகவும் சுருங்கும். 4,000 ஆப்ஷன் தொடக்கத்தில் நிறுவனத்தில் 0.04 சதவீதம், இப்போது 0.0256 சதவீதம். 1,500 கோடியில் அது 38.4 லட்சம், ஸ்ட்ரைக் பிரைஸ் போக 34.4 லட்சம், வரி போகச் சுமார் 22 லட்சம். நிறுவனத்தின் மதிப்பு மூன்று மடங்கானபோதும், கையில் நிற்பது மனிதவளத் துறை சொன்ன 20 லட்சத்தை ஒட்டித்தான்.

அந்த 22 லட்சமும் உறுதியானதல்ல. அப்படி நடக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு, மற்ற நான்கிலும் பூஜ்யம் என்று வைத்தால், இன்றைய மதிப்பு நாலரை லட்சத்தைத் தாண்டாது. மூன்றில் ஒரு வாய்ப்பு என்று தாராளமாக வைத்தாலும் 7 லட்சத்துச் சொச்சம். மறுபுறம், இரண்டாவது நிறுவனம் வருடத்துக்கு 3 லட்சம் கூடுதலாகத் தருகிறது; நான்கு வருடத்தில் வரி போக 8 லட்சத்துக்கு மேல், மாதாமாதம் கணக்கில் விழும் பணமாக. இந்த எண்களில் சம்பளமே சரியான தேர்வு. ஸ்ட்ரைக் பிரைஸ் 1 ரூபாயாக இருந்து, ஆப்ஷன்கள் மூன்று மடங்காக இருந்தால் தராசு மறுபக்கம் சாயும்.

ஆப்ஷன்கள் வாழ்க்கையை மாற்றியதும் உண்டு. 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பங்கு 36 டாலருக்கு வெளியிட்டபோது, ஊழியர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனதாக அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். அடுத்த ஆண்டே அந்தப் பங்கு வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே போனது. பட்டியலிடப்பட்டதால் அதற்குச் சந்தை விலை என்று ஒன்றாவது இருந்தது. பட்டியலிடப்படாத நிறுவனத்தில் அதுவும் இல்லை. நிறுவனமே திரும்ப வாங்கினாலோ, வேறு யாரேனும் வாங்க முன்வந்தாலோதான் பணம்.

கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: ஆப்ஷன்களையும் சேர்த்து நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை, சாதாரணப் பங்குக்கு மெர்ச்சன்ட் பேங்கர் கடைசியாக வைத்த மதிப்பு என்ன, முதலீட்டாளர்கள் முதலில் எடுத்துக்கொள்ளும் தொகை எவ்வளவு, வேலையை விட்டபின் எத்தனை நாள் அவகாசம், இதுவரை ஊழியர்களிடமிருந்து பங்குகளைத் திரும்ப வாங்கியதுண்டா. மொத்தப் பங்கு எத்தனை என்பதைக்கூடச் சொல்ல மறுக்கும் நிறுவனத்தின் ஆப்ஷன்களைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டு, சம்பளத்தை மட்டும் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள்.