சி.எஸ்.ஆர் நிதி கேட்கப் போகிறீர்களா? 20 பக்க அறிக்கையை விட இந்த ஒரு பக்கம்தான் முக்கியம்!

ஊரில் உள்ள அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை வேண்டும். பக்கத்திலேயே பெரிய ஆலை இருக்கிறது. 'அவர்களிடம் சி.எஸ்.ஆர் நிதி கேட்டால் என்ன?' என்ற யோசனை முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி எழுகிறது. யாராவது ஒருவர் உட்கார்ந்து 20 பக்கத்துக்கு அறிக்கை தயாரிக்கிறார். பள்ளியின் வரலாறு, படித்து உயர்ந்தவர்கள் பட்டியல், புகைப்படங்கள் எல்லாம் அதில் இருக்கும். 'தங்கள் மேலான உதவியை எதிர்பார்க்கிறோம்' என்று மெயில் போகும். பதில் மட்டும் வராது.

கேட்ட விஷயம் நல்லதுதான். ஆனால், எவ்வளவு பணம், எதற்கு, எப்போது என்ற மூன்றும் 14-ம் பக்கத்தில் இருந்திருக்கும். மெயிலைத் திறந்தவர் அதுவரை போயிருக்க மாட்டார்.

இதற்கு வழி, சின்ன மெயிலும் அதோடு ஒரே ஒரு பக்கச் சுருக்கமும்தான். அதில் என்ன எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே ஏறக்குறைய சொல்லிவிடுகிறது.

அந்தப் பக்கத்தைப் படிப்பவர் யார்?

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்து மதிப்போ, விற்றுமுதலோ, லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை சி.எஸ்.ஆர் மேலாளர் ஒருவரே நினைத்த இடத்துக்குக் கொடுத்துவிட முடியாது. நிறுவனத்தின் சி.எஸ்.ஆர் கமிட்டி ஆண்டுத் திட்டம் ஒன்றைப் பரிந்துரைக்கும். இயக்குநர் குழு அதற்கு ஒப்புதல் தரும். செலவுத் தொகை ஆண்டுக்கு 50 லட்ச ரூபாய்க்கு மேல் போகாத நிறுவனங்களில் கமிட்டி அவசியமில்லை. இயக்குநர் குழுவே அந்த வேலையைப் பார்க்கும்.

அதாவது, மெயிலைப் பெறும் மேலாளர், நிதி கேட்பவர்களின் சார்பில் இன்னொரு அறையில் போய்ப் பேச வேண்டியவர். அந்த அறையில் பள்ளிக்காரர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். அவர் கையில் இருக்கப்போவது அந்த ஒரு பக்கம் மட்டும்தான். மெயிலிலிருந்து பிரித்து, அச்செடுத்து, மற்றவர்களுக்குக் கொடுத்தாலும் அது தனியாகப் புரிய வேண்டும். 'மெயிலில் சொன்னதுபோல' என்ற வார்த்தை அந்தப் பக்கத்தில் வரவே கூடாது.

அந்த ஆண்டுத் திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சி.எஸ்.ஆர் விதிகள் சொல்கின்றன. என்ன திட்டம், யார் எப்படிச் செய்வார்கள், பணம் எப்படிச் செலவாகும், எத்தனை நாளில் முடியும், யார் கண்காணித்து அறிக்கை தருவார்கள் என்பவைதான் அவை. ஒரு பக்கச் சுருக்கத்தை இதே வரிசையில் எழுதினால், மேலாளர் தன் குறிப்பில் அப்படியே எடுத்து எழுதிக்கொள்ளலாம். புரியாமல் போன் செய்து கேட்க வேண்டிய நிலை அவருக்கு வராது.

ஓர் உதாரணம் பார்ப்போம்

ஓர் அரசு மகளிர் உயர்நிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். 320 மாணவிகள். பயன்படுத்தும் நிலையில் 3 கழிப்பறைகள். 40 பேருக்கு ஒன்று என்ற அளவை வைத்துப் பார்த்தால் 8 வேண்டும், 5 குறைகிறது. கேட்க வேண்டியது இந்த ஐந்தைத்தான். கூடவே நூலகம், கணினி அறை, சுற்றுச்சுவர் என்று பட்டியல் போட்டால், எதற்கு 'சரி' சொல்வது என்று படிப்பவர் தடுமாறுவார். ஒரு பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள்தான்.

அந்தப் பக்கம் இப்படி இருக்கலாம்:

*தலைப்பு:* அரசு மகளிர் உயர்நிலைப் பள்ளிக்கு 5 புதிய கழிப்பறைகள்: ரூ.7.5 லட்சம் உதவி வேண்டுகோள்

*தேவை:* 320 மாணவிகளுக்கு 3 கழிப்பறைகள் மட்டுமே உள்ளன. 15 நிமிட இடைவேளையில் பெரும்பாலானோருக்கு முறை வருவதில்லை. பள்ளி உங்கள் ஆலையிலிருந்து 4 கி.மீ தொலைவில் உள்ளது.

*செய்யப்போவது:* 5 கழிப்பறைகள் கொண்ட கட்டடம், தண்ணீர்த் தொட்டி, கை கழுவும் இடம், நாப்கின் எரியூட்டும் இயந்திரம்.

*செலவு:* கட்டுமானம் ரூ.6,00,000. தொட்டி, மோட்டார், குழாய்கள் ரூ.1,40,000. எரியூட்டும் இயந்திரம் ரூ.40,000. இரண்டு ஆண்டு பராமரிப்பு, மாதம் ரூ.5,000 வீதம் ரூ.1,20,000. மொத்தம் ரூ.9,00,000. முன்னாள் மாணவிகள் தருவது ரூ.1,50,000. உங்களிடம் கேட்பது ரூ.7,50,000.

*செய்பவர், காலம்:* பணம் எங்களிடம் தர வேண்டாம். நிறுவனமே ஒப்பந்ததாரரை நியமித்துக் கட்டலாம். ஆண்டு விடுமுறையில் தொடங்கி 4 மாதங்களில் முடிக்கலாம். தலைமை ஆசிரியரின் சம்மதக் கடிதமும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் தயாராக உள்ளன.

*கண்காணிப்பு:* அஸ்திவாரம், தளம், பணி நிறைவு என 3 கட்டங்களில் படங்களும் ரசீது நகல்களும் அனுப்புவோம். அதன் பிறகு 2 ஆண்டுகளுக்கு, 3 மாதங்களுக்கு ஒருமுறை பராமரிப்பு அறிக்கை தருவோம்.

*தொடர்புக்கு:* ஒருவர் பெயர், ஒரு போன் நம்பர்.

இதில் கவனிக்க வேண்டிய வரிகள் உண்டு. '4 கி.மீ தொலைவில்' என்பது வெறும் விலாசம் இல்லை. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 135-வது பிரிவே சொல்கிறது. கமிட்டியில் 'ஏன் இந்தப் பள்ளி?' என்ற கேள்வி வந்தால் மேலாளரிடம் பதில் தயாராக இருக்கும்.

பராமரிப்புச் செலவுக்கும் இதே காரணம்தான். கட்டிய கழிப்பறை ஆறே மாதத்தில் பூட்டிக் கிடக்கும் கதைகள் நிதி தருபவர்களுக்குப் புதிதல்ல. 'யார் சுத்தம் செய்வார்கள்?' என்ற கேள்வியை அவர்கள் கேட்கும் முன்பே பக்கம் பதில் சொல்லிவிடுகிறது. மூன்றாம் ஆண்டு முதல் யார் பொறுப்பு என்பதையும் பள்ளியிடம் பேசி ஒரு வரி சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

'பணம் எங்களிடம் தர வேண்டாம்' என்ற வரிதான் பலரும் யோசிக்காதது. சி.எஸ்.ஆர் பணத்தைப் பெற்றுச் செயல்படுத்தும் அறக்கட்டளையோ சங்கமோ பதிவு பெற்றிருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் கீழ் உரிய பதிவும் ஒப்புதலும் வேண்டும். இதே மாதிரியான பணிகளில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் வேண்டும். சி.எஸ்.ஆர்-1 என்ற படிவத்தில் பதிந்து எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். போன மாதம் தொடங்கிய முன்னாள் மாணவர் சங்கத்திடம் இதெல்லாம் இருக்காது. எவ்வளவு அழகாக எழுதினாலும் இந்தத் தடையை எழுத்தால் தாண்ட முடியாது. அதனால் நிறுவனமே நேரடியாகச் செய்யலாம் என்றோ, தகுதியுள்ள ஓர் அமைப்பு மூலம் செய்யலாம் என்றோ தெளிவாக எழுதிவிட வேண்டும். பதிவுகள் உள்ள அமைப்பு என்றால், அந்த எண்களைப் பக்கத்தின் கடைசியில் ஒரே வரியில் தரலாம்.

மெயிலில் 5 வரி போதும்

பக்கம் தயாரான பிறகுதான் மெயிலை எழுத வேண்டும். மெயிலின் வேலை, அந்தப் பக்கத்தைத் திறக்க வைப்பது மட்டும்தான்.

*சப்ஜெக்ட்:* ஆலைக்கு 4 கி.மீ-ல் உள்ள அரசு மகளிர் பள்ளி: 5 கழிப்பறைகளுக்கு ரூ.7.5 லட்சம்

*வணக்கம் மேடம்,*

*உங்கள் ஆலைக்கு அருகிலுள்ள அரசு மகளிர் உயர்நிலைப் பள்ளியில் 320 மாணவிகளுக்கு 3 கழிப்பறைகளே உள்ளன. மேலும் 5 கழிப்பறைகள் கட்ட ரூ.7.5 லட்சம் உதவி வேண்டுகிறோம். மீதி ரூ.1.5 லட்சத்தை முன்னாள் மாணவிகள் சேர்த்துவிட்டோம். முழு விவரமும் இணைப்பில் ஒரே பக்கத்தில் உள்ளது. வரும் ஆண்டுத் திட்டத்தில் இதைச் சேர்க்க முடியுமா என்று பேச, அடுத்த வாரம் 15 நிமிடம் ஒதுக்க முடியுமா?*

*நன்றியுடன், பெயர், போன் நம்பர்*

'உதவி வேண்டி' என்று மட்டும் சப்ஜெக்ட் போட்டால் நூறு மெயில்களில் ஒன்றாகிவிடும். இடமும் வேலையும் தொகையும் சப்ஜெக்டிலேயே இருந்தால், இப்போது நேரமில்லாதவர்கூடப் பிறகு தேடி எடுத்துவிடலாம். கேள்வியும் 'உதவுவீர்களா?' என்று பொதுவாக இல்லை. ஒரு மெயிலைப் பார்த்து யாரும் 7.5 லட்சம் தரமாட்டார்கள். 15 நிமிடம் தருவார்கள். நிறுவனத்தில் ஆங்கிலத்தில்தான் கடிதப் போக்குவரத்து என்றால், இதே வரிசையை ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

எங்கே சொதப்புகிறது?

முதல் சிக்கல் கணக்கில் வருகிறது. மெயிலில் 7.5 லட்சம், பக்கத்தில் 9 லட்சம், ஒப்பந்ததாரரின் கொட்டேஷனில் 9.4 லட்சம் என்று இருந்தால் நம்பிக்கை அங்கேயே போய்விடும். செலவான பணம் ஒப்புதல் பெற்ற நோக்கத்துக்குத்தான் போனது என்று நிறுவனத்தின் நிதித் தலைமை அதிகாரி சான்றளிக்க வேண்டும். அதனால் எண்களை அவர்கள் கட்டாயம் கூட்டிப் பார்ப்பார்கள். கடைசி நிமிடத்தில் ஒரு தொகையை மாற்றினால் மூன்று இடங்களிலும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, ஒரு பக்கத்துக்குள் அடக்க எழுத்தைச் சுருக்குவது. 8 பாயின்ட் எழுத்தில் திணித்த பக்கம் உண்மையில் இரண்டு பக்கம்தான். 11 பாயின்டில் எழுதி, இடம் போதவில்லை என்றால் வாக்கியங்களைத்தான் வெட்ட வேண்டும். வெட்டுவதற்குப் பள்ளி வரலாறு முதலில் நிற்கும். பி.டி.எஃப்-ஆக மாற்றியதும் அதை ஒரு போனில் திறந்து பார்ப்பது நல்லது. தமிழில் எழுதியது கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்பதும் அங்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, நேரம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்கான திட்டத்தில் இடம் பிடிக்க ஜனவரி, பிப்ரவரியிலேயே மெயில் போய்விடுவது நல்லது. ஆண்டின் நடுவிலும் தகுந்த காரணம் காட்டி இயக்குநர் குழு திட்டத்தை மாற்றலாம் என்பதால், தாமதமானவர்களுக்கும் கதவு முழுதாக மூடிவிடுவதில்லை. ஆனால், 4 மாத வேலைக்கு மார்ச் கடைசியில் கேட்டால் அந்த ஆண்டுப் பணத்தில் இடம் கிடைப்பது கடினம்.

அனுப்பும் முன் ஒரு சோதனை

இந்தத் திட்டம் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம், உதாரணமாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம், போனில் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். ஒரு நிமிடம் கழித்து போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு நான்கு கேள்விகள் கேட்கலாம்: என்ன கேட்கிறார்கள்? எவ்வளவு? யார் கட்டுவார்கள்? கட்டிய பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? எந்தக் கேள்விக்கு அவர் தடுமாறுகிறாரோ, அந்தப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும். நான்குக்கும் பதில் சொல்லிவிட்டால் அனுப்பலாம்.

10 நாள்கள் வரை பதில் இல்லை என்றால், புது மெயில் வேண்டாம். அதே மெயிலுக்குக் கீழே, 'பக்கத்தைப் பார்க்க நேரம் கிடைத்ததா?' என்று ஒரு வரி எழுதினால் பழைய விவரமும் கூடவே மேலே வந்துவிடும்.

அப்படியானால், அந்த 20 பக்க அறிக்கை வீணா? இல்லை. கொட்டேஷன், வரைபடம், தீர்மான நகல், புகைப்படங்களோடு அது தயாராக இருக்கட்டும். 'விவரம் அனுப்புங்கள்' என்று பதில் வரும் நாளில், அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டியது அதைத்தான்.